முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம்தான் ஷூ: ரத்தசோகை உள்ளவர்கள் உடற்பயிற்சி தொடங்குவது எப்படி?

ஜிம்மில் சேர்ந்த பத்தாவது நாள் ஒரு பெண் என்னிடம் வந்து, "மாஸ்டர், எனக்கு இது ஒத்துவராது போல" என்றார். வயது 34. டிரெட்மில்லில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில்தான் நடந்துகொண்டிருந்தார். ஓட்டம்கூட இல்லை, கொஞ்சம் விறுவிறுப்பான நடை. நான்காவது நிமிடத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். நெஞ்சு படபடக்கும், காதுக்குள் நாடி அடிப்பதே கேட்கும் என்பார். அன்றைக்கு நான் சொன்ன பதில் இன்னும் எனக்கு உறுத்திக்கொண்டிருக்கிறது: "புதுசுல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். விடாம வாங்க, ரெண்டு வாரத்துல ஸ்டாமினா ஏறிடும்."

ஏறவில்லை. இரண்டு வாரம் கழித்து, மூன்றாவது நிமிடத்திலேயே நிற்க ஆரம்பித்தார். பயிற்சிக்கு மறுநாள் முழுக்கப் படுத்தே கிடந்ததாகச் சொன்னார். அதன் பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். ஹீமோகுளோபின் 8.9 என்று ரிப்போர்ட் வந்தது.

அதிலிருந்து புதிதாக வருகிற யாராவது "சீக்கிரம் மூச்சு வாங்குது" என்று சொன்னால், நான் முதலில் கேட்பது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைத்தான். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையிலேயே போகிறது. முதலில் மூச்சு வாங்குவது ஏன் என்று பார்ப்போம். பிறகு எதைப் பரிசோதிக்க வேண்டும், ரிப்போர்ட் வந்ததும் எங்கிருந்து தொடங்க வேண்டும், எந்த வேகத்தில் ஏற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாக வருவோம்.

நுரையீரலில் குறை இல்லை, சுமந்து போக ஆள் இல்லை

மூச்சு வாங்கினால் நுரையீரலில்தான் ஏதோ கோளாறு என்று நினைப்போம். ரத்தசோகையில் நுரையீரல் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. உள்ளே வந்த ஆக்சிஜனைத் தசைகளுக்குச் சுமந்து போகும் ஹீமோகுளோபின்தான் குறைவு. அந்த ஹீமோகுளோபினைச் செய்ய உடம்புக்கு இரும்புச்சத்து வேண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இது தெளிவாகிவிடும். 1 கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மில்லி ரத்தத்தில் 13.5 கிராம் ஹீமோகுளோபின் உள்ளவருக்கு, அந்த 100 மில்லி ஏறக்குறைய 18 மில்லி ஆக்சிஜனை எடுத்துப் போகும். 9 கிராம் உள்ளவருக்கு 12 மில்லிதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை அனுப்புகிறது. ஆக முதலாமவருக்கு நிமிடத்துக்கு 900 மில்லி ஆக்சிஜன் போய்ச் சேரும், இரண்டாமவருக்கு 600 மில்லி.

உட்கார்ந்திருக்கிற உடம்புக்கு நிமிடத்துக்கு 250 மில்லி ஆக்சிஜன் போதும். அதனால் 9 உள்ளவரும் நாற்காலியில் இருக்கும்வரை பெரிதாக ஒன்றும் தெரியாமல் இருந்துவிடலாம். ஆனால் விறுவிறுப்பாக நடந்தால் தேவை கிட்டத்தட்ட நான்கு மடங்காகிறது. ஒரே வேகத்தில் இரண்டு பேரும் நடந்தாலும், குறைந்த சரக்கை வைத்துக்கொண்டு ஈடுகட்ட வேண்டியவரின் இதயம் இன்னும் வேகமாக அடித்தாக வேண்டும். படபடப்பு அங்கிருந்துதான் வருகிறது. அப்படியும் போதாதபோது, தசைகள் ஆக்சிஜன் இல்லாமலே சக்தி தயாரிக்கும் குறுக்கு வழிக்குப் போகின்றன. அதில் சேரும் அமிலத்தை வெளியேற்றத்தான் மூச்சு இரைக்கிறது. கால்கள் ஈயக்குண்டு கட்டியதுபோல் கனப்பதும் இதனால்தான்.

இந்த இடத்தில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் பலரை ஏமாற்றிவிடுகிறது. மூச்சிரைக்க நின்றவருக்கு மாட்டிப் பார்த்தால் 98 காட்டும். "ஆக்சிஜன் நல்லாத்தான இருக்கு" என்று விட்டுவிடுவோம். நானும் அப்படி விட்டவன்தான். இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனால் நிரம்பியிருக்கிறது என்பதை மட்டுமே அந்தக் கருவி சொல்கிறது. ஹீமோகுளோபின் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பத்து லாரி ஓட வேண்டிய இடத்தில் ஆறுதான் ஓடுகிறது. அந்த ஆறும் முழு லோடோடு போவதால் கருவி 98 என்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. இரும்பு ரத்தத்துக்கு மட்டும் போவதில்லை. தசைக்குள் ஆக்சிஜனைச் சேர்த்து வைக்கும் மயோகுளோபினுக்கும், செல்லுக்குள் சக்தியை உண்டாக்கும் நொதிகளுக்கும் அது வேண்டும். அதனால்தான் ஹீமோகுளோபின் இன்னும் குறையாமல், இரும்புச் சேமிப்பு மட்டும் தீர்ந்துபோன கட்டத்திலேயே சிலருக்கு அசதி தொடங்கிவிடுகிறது.

பழக்கமில்லாத உடம்பா, ரத்தமில்லாத உடம்பா?

வெறும் பார்வையில் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் சந்தேகப்பட வைக்கும் அடையாளங்கள் உண்டு. பயிற்சிப் பழக்கம் மட்டுமே இல்லாத ஒருவர், விடாமல் வந்தால் இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சமாவது முன்னேறுவார். அதே வேகம் அவருக்கு எளிதாகும், நின்ற பிறகு மூச்சும் சீக்கிரம் அடங்கும். ரத்தசோகை உள்ளவருக்கு அது நடக்காது. சில சமயம் பின்னோக்கியும் போகும். நேற்று சாதாரணமாக ஏறிய படிக்கட்டில் இன்று பாதியில் நின்று மூச்சு வாங்குவார்.

காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்கும் முன்பே நாடித்துடிப்பை எண்ணிப் பாருங்கள். மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்கினால் போதும். நான் சொன்ன பெண்ணுக்கு அது 94 இருந்தது. இரவு முழுக்கத் தூங்கி எழுந்த ஒருவருக்கு அது அதிகம். அதோடு உட்கார்ந்து எழும்போது கண் இருட்டுவது, முடி கொட்டுவது, இரவில் கால்களை ஆட்டாமல் இருக்க முடியாத குறுகுறுப்பு என்று மற்றவையும் சேரலாம். ஐஸ் கட்டியை மென்று தின்னத் தோன்றுவதும் இரும்புக் குறைபாட்டின் பேர்போன அடையாளம். அவர் தினமும் ஒரு தட்டு ஐஸைக் கடித்துத் தீர்ப்பாராம். யாராவது கேட்கும்வரை அது சொல்ல வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

படி 1: ரத்தம் கொடுங்கள், மாத்திரையை அப்புறம் பார்க்கலாம்

அசதியாக இருக்கிறது என்றதும் கடைக்குப் போய் இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நிறைய. அதைச் செய்யாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு.

அசதியும் மூச்சிரைப்பும் இரும்புக் குறைவுக்கு மட்டுமே உரியவை அல்ல. பி12 குறைவு, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு எல்லாமே இதே முகத்தோடு வரலாம். பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறான தலசீமியாவின் மரபணுவை லேசாகச் சுமப்பவர்களுக்கும் ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவாகவும் சிவப்பணுக்கள் சிறியதாகவும் இருக்கும். ஆனால் அவர்களில் பலருக்கு இரும்பு போதுமான அளவு இருக்கும். அவர்கள் வருடக்கணக்கில் மாத்திரை விழுங்கினாலும் எண் ஏறாது, தேவையில்லாத இரும்பு உடம்பில் சேரும். போதாக்குறைக்கு, மாத்திரையைத் தொடங்கிவிட்டு ரத்தம் கொடுத்தால் ரிப்போர்ட்டே குழம்பிவிடும். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேட்க வேண்டியவை முக்கியமாக இரண்டு பரிசோதனைகள். ஒன்று, சீட்டில் சி.பி.சி. என்று எழுதப்படும் முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கை. அதில் ஹீமோகுளோபினும், சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி.யும் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஹீமோகுளோபின் கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12க்குக் கீழேயும், ஆண்களுக்கு 13க்குக் கீழேயும் போனால் ரத்தசோகை. 8க்குக் கீழே என்றால் கடுமையான ரத்தசோகை. எம்.சி.வி. 80க்குக் கீழே இருந்தால் சிவப்பணுக்கள் சிறுத்திருக்கின்றன என்று பொருள். அது இரும்புக் குறைவைக் காட்டலாம், தலசீமியாவையும் காட்டலாம்.

இரண்டாவது, ஃபெரிட்டின். உடம்பின் இரும்புக் கையிருப்பைச் சொல்வது இதுதான். ஹீமோகுளோபினைக் கையில் புழங்கும் காசு என்றால் ஃபெரிட்டினை வங்கிக் கணக்கு எனலாம். வங்கியில் இருப்பது முதலில் தீரும், அதற்குப் பிறகுதான் கைக்காசு குறையும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு இது 15க்குக் கீழே போனால் குறைபாடு என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. 30க்குக் கீழே வந்தாலே கவனிக்கும் மருத்துவர்களும் பலர். இதில் ஒரு வம்பு உண்டு. காய்ச்சல், தொற்று, உடம்பில் எங்காவது அழற்சி என்று இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக்காட்டும். ஜலதோஷம் பிடித்திருக்கும்போது கொடுத்துவிட்டு "60 இருக்கு, நார்மல்" என்று நிம்மதி அடைய முடியாது. உடம்பு நன்றாக இருக்கும் நாளில், முந்தைய நாள் கடுமையான பயிற்சி எதுவும் செய்யாமல் போய் ரத்தம் கொடுங்கள்.

ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டு விடுவதும் நடக்கிறது. 12.2 என்றால் "நார்மல்" என்று அனுப்பிவிடுவார்கள். அதே நபரின் ஃபெரிட்டினைப் பார்த்தால் 8 ஆக இருக்கும். அந்த அசதி மனப்பிரமை அல்ல.

நான் சொன்ன பெண்ணின் ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 8.9, எம்.சி.வி. 68, ஃபெரிட்டின் 5. சந்தேகத்துக்கே இடமில்லாத இரும்புக் குறைபாடு.

படி 2: ஓட்டை எங்கே என்று கேளுங்கள்

எண் தெரிந்தாயிற்று, மாத்திரையும் எழுதிக் கொடுத்தாயிற்று என்று கிளம்பிவிடக் கூடாது. இரும்பு எங்கே போகிறது? பாத்திரத்தில் ஓட்டை இருக்கும்போது மேலே மேலே ஊற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

மாதவிடாய் உள்ள பெண்களுக்கு அதிக ரத்தப்போக்குதான் மிகச் சாதாரணமான காரணம். ஆனால் "அதிகம்" எது என்று பலருக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. மணிக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா, பெரிய பெரிய கட்டிகளாகப் போகிறதா, ஏழு நாளைத் தாண்டுகிறதா? இதில் ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றால் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அந்தப் பெண் எட்டு நாள் போவதைச் சாதாரணம் என்றே நினைத்திருந்தார், "எங்க அம்மாவுக்கும் அப்படித்தான்" என்றார். ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி தெரிந்தது. அதற்குத் தனியாகச் சிகிச்சை போனது.

ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புக் குறைபாடு வந்தால் விஷயம் வேறு. வயிற்றிலோ குடலிலோ தெரியாமல் ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். புண், புற்று, கொக்கிப்புழு என்று எதுவாகவும் இருக்கலாம். மாத்திரையில் எண் ஏறிவிட்டது என்று இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுவது ஆபத்து. உடற்பயிற்சி செய்பவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: உடம்பு வலிக்கு அடிக்கடி வலி மாத்திரை போடுகிறீர்களா? இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை வாரக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியலாம்.

படி 3: எண்ணைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்த எண்ணுக்கு இந்தப் பயிற்சி என்று எல்லாருக்கும் பொருந்தும் சட்டம் எதுவும் கிடையாது. மெல்ல மெல்ல மாதக்கணக்கில் குறைந்து வந்த 9 கிராமும், ஒரே வாரத்தில் ரத்தம் போய் வந்த 9 கிராமும் ஒன்றல்ல. முதலாவதற்கு உடம்பு ஓரளவு பழகியிருக்கும், இரண்டாவது அவசர நிலை. கீழே உள்ளது நான் கடைப்பிடிக்கும் வழக்கம், அவரவர் டாக்டரின் சம்மதத்தோடு.

ஹீமோகுளோபின் 8க்குக் கீழே என்றால் பயிற்சி என்ற பேச்சே எடுக்க மாட்டேன். வீட்டுக்குள் நடமாட்டம் போதும், சிகிச்சை முதலில். 8க்கும் 10க்கும் இடையே என்றால் சமதளத்தில் மெதுவான நடையும், நாற்காலியிலும் சுவரிலும் செய்யும் எளிய அசைவுகளும். 10 தாண்டினால் நடையை நீட்டலாம், லேசான எடை தூக்கலாம். 12ஐத் தொட்ட பிறகுதான் மூச்சு வாங்க வைக்கும் பயிற்சிகள். கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், வயதானவர்கள் இந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கு டாக்டர் சொல்வதுதான்.

எண் எதுவாக இருந்தாலும் சில அறிகுறிகள் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்சு வலி அல்லது இறுக்கம், மயங்கி விழுவது, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, ஓய்விலும் அடங்காத படபடப்பு, தார்போலப் பிசுபிசுப்பாகவும் துர்நாற்றத்தோடும் கறுத்த மலம். இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். பிசுபிசுப்பும் அந்த மோசமான நாற்றமும்தான் வேறுபாடு. உறுதியாகத் தெரியாவிட்டால் கேட்டுவிடுங்கள்.

படி 4: முதல் இரண்டு வாரம், ஐந்து நிமிடம்தான்

8.9 வந்த பிறகு டிரெட்மில்லை நிறுத்திவிட்டோம். மாத்திரை தொடங்கி, டாக்டர் சரி என்ற பிறகு நான் கொடுத்தது இவ்வளவுதான்: சமதளத்தில் 5 நிமிட நடை, 3 நிமிடம் உட்கார்ந்து ஓய்வு, மறுபடி 5 நிமிட நடை. ஒருநாள் விட்டு ஒருநாள். "இதுக்கா மாஸ்டர் நான் வரணும்?" என்று சிரித்தார். வர வேண்டியதில்லை, வீட்டுப் பக்கத்திலேயே நடக்கலாம் என்றேன்.

வேகத்தை எப்படி அளப்பது? பேச்சைக் கொண்டு. நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சு எடுக்காமல் சொல்ல முடிய வேண்டும். நான்கு சொல்லில் திணறினால் வேகம் அதிகம். கைக்கடிகாரம் சொல்லும் இதயத்துடிப்பு எல்லைகளை இந்தக் கட்டத்தில் நம்ப வேண்டாம். அவை ரத்தம் சரியாக உள்ளவர்களுக்காகப் போட்ட கணக்குகள். இவருக்கு மெதுநடையிலேயே 140 காட்டியது, அந்தக் கடிகாரமும் "கொழுப்பு எரிகிறது" என்று பாராட்டிக்கொண்டிருந்தது.

நின்ற பிறகு என்ன நடக்கிறது என்பது அதைவிட முக்கியம். உட்கார்ந்த மூன்று நிமிடத்துக்குள் மூச்சு சாதாரணமாகிவிட வேண்டும். ஆகவில்லை என்றால் அன்றைக்கு அதோடு முடித்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை ஒரு நிமிடம் குறையுங்கள். மறுநாள் காலை நாடித்துடிப்பு வழக்கத்தைவிட பத்து கூடியிருந்தாலோ, எழுந்ததுமே உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தாலோ, முந்தைய நாள் செய்தது அதிகம்.

எடை தூக்காமல் செய்யும் தசைப் பயிற்சி இந்தக் கட்டத்தில் நடையைவிட எளிதாகவே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். சில விநாடி வேலை, பிறகு நல்ல ஓய்வு என்பதால் மூச்சு அதிகம் இரைக்காது. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 8 முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 8 முறை, நடுவில் முழுதாக இரண்டு நிமிடம் ஓய்வு, இப்படி இரண்டு செட். மூச்சை அடக்கிக்கொண்டு செய்யக் கூடாது. தரையில் படுத்துச் செய்யும் பயிற்சிகளையும், படக்கென்று எழுந்து நிற்க வேண்டியவற்றையும் தள்ளிவைத்தேன். கண் இருட்டி விழுந்துவிடும் ஆபத்து அங்கேதான் அதிகம். உச்சி வெயிலும் வேண்டாம். உடம்பைக் குளிரவைக்கத் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் இதயத்துக்கு இரட்டை வேலை.

படி 5: மாத்திரையும் பயிற்சியும் ஒன்றோடொன்று மோதாமல்

இரும்பு குடலில் எவ்வளவு உறிஞ்சப்பட வேண்டும் என்பதை ஹெப்சிடின் என்ற ஹார்மோன் முடிவு செய்கிறது. கல்லீரல் சுரக்கும் இது ஏறினால் குடலின் கதவு மூடிக்கொள்ளும். கடுமையான பயிற்சிக்கு 3 முதல் 6 மணி நேரம் கழித்து ஹெப்சிடின் உச்சத்துக்குப் போகிறது. ஆகவே காலையில் பயிற்சி செய்துவிட்டு மதியம் மாத்திரை போடுவது, கதவு சாத்தியிருக்கும் நேரம் பார்த்துத் தட்டுவது மாதிரி. பயிற்சிக்கு முன்பே, அல்லது முடித்த அரைமணிக்குள் காலையிலேயே போட்டுவிடுவது நல்லது. ஐந்து நிமிட நடைக்கு இந்தக் கவலை தேவையில்லை, பயிற்சி கூடிய பிறகுதான் இது கணக்கில் வரும்.

மாத்திரை போட்டாலும் ஹெப்சிடின் சுமார் ஒரு நாள் ஏறியே இருக்கும். அதனால்தான் சில டாக்டர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொல்கிறார்கள். வயிற்றுப் புரட்டலும் அதில் குறையும். அளவையும் இடைவெளியையும் நீங்களாக மாற்றாதீர்கள், ஆனால் வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இப்படியும் ஒரு வழி இருக்கிறது என்று கேட்கலாம். காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றை இதோடு சேர்க்காமல் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிவையுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த மாத்திரை கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். சில மாத்திரைகளே ஒரு சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

படி 6: ஏற்றுவது எண்ணைப் பார்த்து

சிகிச்சை வேலை செய்கிறது என்றால் ஹீமோகுளோபின் மூன்று நான்கு வாரத்தில் ஒன்றிலிருந்து இரண்டு கிராம்வரை ஏற வேண்டும். அதனால் நான்காவது வாரத்தில் மறுபடி ரத்தம் கொடுங்கள். ஏறவில்லை என்றால் பயிற்சியை அப்படியே நிறுத்திவைத்துக் காரணத்தைத் தேட வேண்டும். மாத்திரை ஒழுங்காகப் போகிறதா, இன்னும் ரத்தம் போகிறதா, குடலில் உறிஞ்சும் கோளாறு இருக்கிறதா, முதலில் சொன்ன காரணமே தவறா என்று.

அவருக்கு நான்காவது வாரம் 10.6 வந்தது. நடையை 15 நிமிடத்துக்கு நீட்டினோம், 2 கிலோ டம்பெல் சேர்த்தோம். ஒவ்வொரு வாரமும் நடையில் இரண்டு மூன்று நிமிடம் மட்டும் கூட்டினேன், நேரமும் வேகமும் ஒரே வாரத்தில் ஏறாது. எட்டாவது வாரம் 12.1. மறுபடி டிரெட்மில், அதே 5 கிலோமீட்டர் வேகம். முன்பு நான்காவது நிமிடத்தில் 168 காட்டிய நாடி, இப்போது 126இல் நின்றது. இடையில் நாங்கள் செய்த பயிற்சி அந்த வித்தியாசத்துக்குப் போதாது. பெரும்பகுதி ரத்தம் செய்த வேலை.

சிக்கல் வந்தது ஆறாவது வாரத்தில். மாத்திரை தொடங்கிய சில நாட்களிலேயே கொஞ்சம் தெம்பு வருவது சகஜம். ஆறாவது வாரம் அது நன்றாகவே தெரிந்தது. அவர் எனக்குச் சொல்லாமல் ஒரு நடனப் பயிற்சி வகுப்பில் 45 நிமிடம் ஆடிவிட்டு வந்தார். அடுத்த நான்கு நாள் எழவே முடியவில்லை, காலை நாடித்துடிப்பு 78இலிருந்து 92க்குப் போயிருந்தது. ஐந்து நாள் முழு ஓய்வு, பிறகு இரண்டு வாரம் முந்தைய நிலையிலிருந்து மறுபடி தொடங்கினோம். தெம்பு முதலில் வரும், ரத்தம் பிறகு ஏறும். அந்த இடைவெளியில்தான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மாதவிடாய் அதிகமாகப் போகும் நாட்களில் ஒரு படி இறங்கிச் செய்வதையும் அதன் பிறகு வழக்கமாக்கிக்கொண்டோம்.

இன்னொரு சறுக்கல், 12ஐத் தொட்டதும் மாத்திரையை நிறுத்திவிடுவது. கைக்காசு வந்துவிட்டது, வங்கி இன்னும் காலிதான். பன்னிரண்டாவது வாரத்தில் அவருக்கு ஹீமோகுளோபின் 12.8, ஆனால் ஃபெரிட்டின் 19. ஹீமோகுளோபின் சரியான பிறகும் கையிருப்பு நிரம்பச் சுமார் மூன்று மாதம் மாத்திரையைத் தொடர்வது மருத்துவ வழக்கம். அவருடைய டாக்டரும் அதையே சொன்னார்.

மாத்திரை முடிந்த பிறகும் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து சி.பி.சி.யும் ஃபெரிட்டினும் மறுபடி ஒரு முறை, முதல் வருடம் முழுக்க இதே இடைவெளியில். காலை நாடித்துடிப்பை மட்டும் தொடர்ந்து குறித்து வாருங்கள். இரண்டு வாரமாக அது மெல்ல ஏறிக்கொண்டே வந்து, எளிதாக இருந்த வேகம் மறுபடி கனக்க ஆரம்பித்தால், குறித்த தேதிவரை காத்திருக்காமல் முன்பே போய் ரத்தம் கொடுங்கள்.